பாத்தி: என் முதல் தனிக் கண்காட்சி

இன்னும் மனசுக்குள்ளேயே வெச்சிருக்க முடியல, சொல்லிடறேன். மார்ச் 13, வெள்ளிக்கிழமை சாயங்காலம், சென்னை கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில என் படங்கள் மட்டும் மாட்டின கண்காட்சி திறக்குது. இதுவரைக்கும் குழுக் கண்காட்சிகள்ல ஒரு மூலையில ரெண்டு படம் வெச்சிருக்கேன். நாலு சுவரும் எனக்கேன்னு இருக்கறது இதுதான் முதல் தடவை. அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்னிக்கு என் பேரை விரலால தடவித் தடவிப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரியே வயித்துல ஒரு கலக்கம் தொடங்கிடுச்சு. இன்னும் போகல.

மொத்தம் 24 நீர்வண்ணப் படங்கள். எல்லாமே வேதாரண்யம் உப்பளம். அப்பா உப்பு வாருற இடம். சின்ன வயசுல தூக்குவாளியில கஞ்சி எடுத்துட்டு வரப்பு மேல நடந்து போன இடம். 1930-ல ராஜாஜி திருச்சியிலேருந்து நடந்து வந்து உப்பு அள்ளினதாலதான் எங்க ஊர்ப் பேர் வெளியில தெரியும். எனக்கு அது காலையில ஆறு மணிக்குக் கண்ணைக் கூச வைக்கிற வெள்ளை.

அந்த வெள்ளையை நான் வரையவே இல்லை. நீர்வண்ணத்துல வெள்ளைன்னா தாளை அப்படியே விட்டுடறதுதான். சுத்தி வானம், வரப்பு, நிழல் எல்லாத்தையும் தீட்டிட்டு, உப்புக் குவியல் இருக்கற இடத்துல மட்டும் தூரிகையைத் தொடாம கையைக் கட்டிட்டு நிக்கணும். எனக்கு இதுலதான் ரொம்ப நாள் போச்சு. கை சும்மா இருக்காது, ஒரு சொட்டு நீலமாவது வெச்சுடும், குவியல் செத்துடும். அப்படிச் செத்த தாள்கள் கட்டிலுக்கு அடியில ஒரு கட்டு கிடக்கு.

பாத்தித் தண்ணிக்கு மட்டும் வேற வழி. வண்ணம் ஈரமா இருக்கும்போதே ஊர்லேருந்து அம்மா அனுப்பின கல்லுப்பைத் தூவுவேன். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுத்தி இருக்கற ஈரத்தை இழுக்கும், வண்ணமும் கூடவே நகரும். காய்ஞ்சதும் உப்பைத் தட்டி விட்டா, கல் இருந்த இடமெல்லாம் பூப்பூவா வெளுத்திருக்கும். சீக்கிரம் தூவினா கரைஞ்சு ஓடிடும், தாமதமானா ஒண்ணுமே ஆகாது. தாள் பளபளப்பு குறைய ஆரம்பிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான். கிட்ட வந்து பாருங்க, எங்க ஊர் உப்பு அதுல தடம் விட்டிருக்கு.

சில பாத்திகள் ரோஸ் நிறத்துல இருக்கும். கற்பனை இல்லைங்க. உப்பு ஏற ஏறத் தண்ணியில இருக்கற நுண்ணுயிர்களால அந்த நிறம் நிஜமாவே வரும்.

இப்போ பயம். ஒரே இடத்தையே 24 தடவை வரைஞ்சிருக்கேன். என் அறையில ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கறப்போ ஒவ்வொண்ணும் வேற காலை, வேற வெயில். வரிசையா மாட்டினா பார்க்கறவங்களுக்கு அப்படித் தெரியுமா, இல்ல மூணாவது படத்துலயே அலுத்துடுமா? தெரியல. விலைப்பட்டியலை நாலு தடவை அடிச்சுத் திருத்திட்டேன், இன்னும் அந்த எண்களைப் பார்த்தா எனக்கே கூச்சமா இருக்கு.

19-ஆம் எண் படத்தை மாட்டறதா வேண்டாமான்னு நேத்து வரைக்கும் முடிவு பண்ணல. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ கடல் உள்ள வந்து உப்பளத்துல சேத்தைத் தள்ளிட்டுப் போச்சு. வெள்ளையே இல்லாத படம் அது ஒண்ணுதான், தாள் முழுக்கச் சேறு. அப்பா அன்னிக்கு வரப்பு இருந்த இடத்தைக் காலால தேடித் தேடி நடந்தார். அவர் அதை மறுபடி பார்க்கணுமான்னு யோசிச்சேன். போன்ல கேட்டேன். "நடந்ததுதானேம்மா, மாட்டு. ஆனா கொஞ்சம் தள்ளி மாட்டு"ன்னார். கடைசிச் சுவர்ல, தனியா மாட்டறேன்.

உப்பு வாரற பருவத்துல ஒரு நாள் விடறது லேசான விஷயம் இல்லை. ஆனாலும் அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமை வர்றாங்க. அப்பா இதுவரைக்கும் எந்தக் கண்காட்சிக்கும் போனதில்லை. செருப்பைக் கழட்டணுமான்னு கேட்டார்.

மார்ச் 13 வெள்ளி மாலை 5 மணிக்குத் திறப்பு. அப்புறம் 19 வியாழன் வரை தினமும் காலை 11 முதல் மாலை 7 வரை. அனுமதி இலவசம். நான் எல்லா நாளும் அங்கதான் இருப்பேன். படம் பிடிச்சா சொல்லுங்க, பிடிக்கலைன்னாலும் எந்த இடத்துல விட்டுப் போச்சுன்னு சொல்லுங்க, நிஜமாவே கேட்டுக்கறேன். வாங்க. தயவுசெஞ்சு வாங்க.