ஆபீஸ்ல இருக்குற என் பத்திரங்கள வாங்க தம்பிக்கு குடுக்குற அதிகாரக் கடிதம்

2025.08.18
வெல்லம்பிட்டிய, கொழும்பு

பெரியதுரை ஐயா அவர்களுக்கும் பெரிய கிளாக்கர் ஐயா அவர்களுக்கும்,
தோட்ட ஆபீஸ், பொகவந்தலாவ.

ஐயா வணக்கம். மேக்கணக்குல 1988ல இருந்து இந்த வருஷம் வரைக்கும் கொழுந்து பறிச்ச இராமசாமி மக செல்லம்மா எழுதிக்குறது, எழுதுறது மக தனலெச்சுமி, சொல்றது நான்தான். கண்ணுல புரை எடுத்து இன்னும் கட்டு பிரிக்கல, ரெண்டு வாரத்துக்கு பஸ்ல தூரம் போக வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதனால நேர்ல வர முடியல.

பேர் விசயத்துக்காக நான் குடுத்த ஒரிஜினல் பத்திரமெல்லாம் வேலை முடிஞ்சு ரெடியா இருக்கு வந்து எடுங்கன்னு கிளாக்கர் ஐயா போன் பண்ணி சொன்னீங்க. பொறப்புச் சான்றிதழ்ல செல்லம்மாள், ஐடில செல்லம்மா, செக்ரோல்ல வெறும் செல்லம், இது மூணும் ஒரே ஆளுன்னு காட்டத்தான் இவ்வளவு நாளாச்சு. அத வாங்க என் கூடப்பொறந்த தம்பி இராமசாமி முருகையாவ அனுப்புறேன். கீழ்க்கணக்குல இருக்கான், உங்களுக்கும் தெரிஞ்ச ஆளுதான், ஆனாலும் அவன் ஒரிஜினல் ஐடிய பாத்துட்டு குடுங்க. என் ஐடி கொப்பியும் அவன் ஐடி கொப்பியும் இதோட பின் அடிச்சிருக்கு.

அவன்கிட்ட குடுக்க வேண்டியது நாலு சாமான். என் பொறப்புச் சான்றிதழ் ஒரிஜினல், நாலா மடிச்சு மடிப்புல செலோடேப் ஒட்டி ஓரத்துல வெத்தலைக் கறை இருக்கும், அதுதான் என்னோடது, வேற யாரோடதாவது மாறி குடுத்துறாதீங்க. அப்புறம் கல்யாணச் சான்றிதழ் ஒரிஜினல், இத்தனை வருஷம் வேலை செஞ்சேன்னு நீங்க எழுதித் தர்ற சேவைக் கடிதம், ஈபிஎப்ல பேர் திருத்துனதுக்கு வந்த கடிதம். இது நாலையும் எண்ணிப் பாத்து வாங்கிக்கிட்டு, வாங்குனேன்னு உங்க ரெஜிஸ்டர்ல கையெழுத்து வைக்கலாம், கொப்பிக்கு காசு கேட்டா கட்டிட்டு ரிசீட் எடுக்கலாம். சேவைக் கடிதத்துல பேரோ தேதியோ பிழைன்னா வாங்காம எனக்கு போன் பண்ண சொல்லிருக்கேன். திருத்தி எழுதுங்கன்னு அவனா சொல்ல வேணாம், அது நான் பேசிக்குறேன்.

இதுக்கு மேல எதுக்கும் அவனுக்கு அதிகாரம் இல்ல. தம்பி நல்லவன், ஆனா ஆபீஸ்ல கதிரையில இருக்குற ஆளு பேனாவ நீட்டுனா எதுலனாலும் கையெழுத்து வைப்பான், அதான் இவ்வளவு விரிச்சு எழுதுறேன், கோவிக்காதீங்க. என் சேவைக்காலப் பணம் செக்கா இருந்தாலும் காசா இருந்தாலும் அவன் கையில குடுக்கக் கூடாது, எல்லாம் கிடைச்சிருச்சு இனி ஒண்ணும் பாக்கி இல்லன்னு எழுதுன கடதாசியில எனக்குப் பதிலா அவன் கையெழுத்து வச்சா அது செல்லாது. ஈபிஎப் பணம் எடுக்குற கே போர்முக்கு கையெழுத்தும் ரேகையும் நானே வந்து வைப்பேன். சிங்களத்துலயோ இங்கிலீஷ்லயோ ஏதாவது நிரப்பணும்னா வெத்துப் போர்ம என்கிட்ட அனுப்பி விடுங்க, மக வாசிச்சுச் சொல்லுவா. லயத்துல என் காம்பராவப் பத்தியும் அவன் ஒரு வார்த்தை பேச வேண்டிய தேவை இல்ல, சாவி என்கிட்டயே இருக்கு, வேலை விட்டுட்டேன்னு காம்பராவ விடல.

அவனுக்கு அன்னைக்கு முடியலன்னு பொண்டாட்டியவோ பொடியனையோ அனுப்புனா குடுக்க வேணாம். இது நோட்டரிகிட்ட எழுதுன அட்டர்னி பத்திரம் இல்ல, ஒரு தடவை போய் பத்திரம் எடுக்க எழுதுன கடிதம், அவ்வளவுதான். 2025.08.29 வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடுற வரைக்கும் செல்லும், அதுக்குள்ள வாங்கலன்னா தானா ரத்து. நடுவுல நானே வேணாம்னு போன் பண்ணுனா அப்பவே நிப்பாட்டிருங்க. சந்தேகம்னா குடுக்குறதுக்கு முந்தி எனக்கு எடுங்க, போன மாசம் போர்ம்ல மக நம்பர் எழுதிக் குடுத்தோமே, அதே நம்பர்தான்.

குடுத்ததும் இந்தக் கடிதத்த பைல்ல போட்டுக்குங்க, திருப்பி அவன்கிட்ட குடுக்க வேணாம்.

இப்படிக்கு,
இராமசாமி செல்லம்மா
(என் கையெழுத்து, கட்டு இருக்குறதால கொஞ்சம் கோணலா இருக்கும், செக்ரோல்ல இருக்குறதோட பாத்துக்குங்க)

பத்திரம் வாங்க வர்றவர் கையெழுத்து: இரா. முருகையா
மேல எழுதுனத அக்கா போன்ல வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், நாலு பத்திரம் மட்டும் வாங்கி அக்கா கையில குடுப்பேன்.

சாட்சி: தனலெச்சுமி, மகள்
அம்மா சொல்லச் சொல்ல எழுதி, திருப்பி ஒரு தடவை வாசிச்சுக் காட்டினேன், என் முன்னாலதான் கையெழுத்து வச்சாங்க.