நாடாளுமன்ற முறையும் அதிபர் முறையும்: ஒப்பீட்டு விடைக்கான மதிப்பீட்டுக் குறிப்பு

அன்புள்ள கவிதா,

"நாடாளுமன்ற முறை அரசாங்கத்தையும் அதிபர் முறை அரசாங்கத்தையும் தக்க எடுத்துக்காட்டுகளுடன் ஒப்பிடுக" என்ற 15 மதிப்பெண் வினாவுக்கு உங்களுக்கு 9 மதிப்பெண் வழங்கியுள்ளேன். பாடம் தெரியாததால் குறைந்த மதிப்பெண் அன்று இது. இரு முறைகளுக்கும் நான்கு நிறை, நான்கு குறை என்று எண்ணி எழுதியிருந்தும், விடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதும், எடுத்துக்காட்டுகளில் இரண்டு பிழையாக இருப்பதுமே காரணம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரையறையை ஒப்பிக்காமல், நிர்வாகத் துறைக்கும் சட்டமன்றத் துறைக்கும் உள்ள உறவை அடிப்படையாகக் கொண்டு தொடங்கியது சரியான வழி. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்னும் 75(3)ஆம் பிரிவைக் கூறி, 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என ஒரே வாக்கில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றதை அதன் அருகிலேயே வைத்திருக்கிறீர்கள். விடையின் சிறந்த பகுதி இதுவே; பிரிவு என்ன சொல்கிறது என்பதை நிகழ்ச்சியே விளக்கிவிடுவதால், நீங்கள் தனியாக விளக்க வேண்டிய தேவை எழவில்லை.

இனி சமநிலைக்கு வருவோம். நாடாளுமன்ற முறையின் நிறைகளுக்கு இவ்வளவு தெளிவான சான்று தந்த நீங்கள், அதன் குறைகளை "ஆட்சி நிலையற்றதாக இருக்கலாம்" என்ற ஒரு வரியில் சான்றின்றிக் கடந்துவிட்டீர்கள். அதிபர் முறையில் இது தலைகீழாகிறது: நிறைகள் வெறும் தலைப்புகளாக நிற்க, குறைகளுக்கு மட்டும் 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள்கள் அமெரிக்க அரசுப் பணிகள் பகுதியளவு முடங்கியதை விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சான்று சரியானதுதான். ஆனால் சான்று உள்ள கருத்தே படிப்பவர் மனத்தில் பதியும் என்பதால், தீர்ப்பை முன்னரே முடிவு செய்துகொண்டு எழுதிய விடை போன்ற தோற்றம் உண்டாகிறது. நாடாளுமன்ற முறையே மேலானது என்று நீங்கள் முடிவுசெய்வதில் எனக்கு மறுப்பில்லை. மறுதரப்பின் வலுவான வாதத்தை எடுத்து வைத்த பிறகு அந்த முடிவுக்கு வர வேண்டும்.

நிலையின்மைக்குச் சான்று தேட நீங்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1996, 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டில் மூன்று மக்களவைத் தேர்தல்கள் நடந்தன. நீங்கள் நிறையாகக் காட்டிய அதே 1999 வாக்கெடுப்பே மூன்றாவது தேர்தலுக்கு இட்டுச் சென்றது என்று எழுதியிருந்தால், பொறுப்புடைமைக்கு நாடு கொடுக்கும் விலை என்ன என்பது ஒரே நிகழ்ச்சியில் விளங்கியிருக்கும். அதற்கு எதிர்வாதமாக ஜெர்மனியைக் குறிப்பிடலாம். அங்கு மாற்றுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே பதவியிலுள்ள அரசாங்கத் தலைவரான சான்சலரை நீக்க முடியும்; 1982இல் ஹெல்முட் ஷ்மிட்டுக்குப் பதிலாக ஹெல்முட் கோல் அவ்வாறே பொறுப்பேற்றார். எனவே நிலையின்மை நாடாளுமன்ற முறையின் தவிர்க்க முடியாத இயல்பு அன்று, விதிகளால் குறைக்கக்கூடியது என்று நிறுவ முடியும்.

"நிர்வாகத் துறை அன்றாடம் சட்டமன்றத்துக்குக் கட்டுப்பட்டது" என்ற உங்கள் வாக்கியத்துக்கும் ஒரு வரம்பு தேவை. ஆளுங்கட்சிக்கு உறுதியான பெரும்பான்மை இருக்கும்போது, அதிலும் 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடும். அத்தகைய அவையில் அமைச்சரவை அவைக்குக் கட்டுப்படுகிறதா, அவை அமைச்சரவைக்குக் கட்டுப்படுகிறதா என்று கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தால், விடை பாடநூலைத் தாண்டிச் சென்றிருக்கும்.

அதிபர் முறையின் நிறைகளில் "வல்லுநர்களை அமைச்சராக்கலாம்" என்று எழுதியுள்ளீர்கள். ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் மக்நமாரா 1961இல் பாதுகாப்பு அமைச்சரானதை இங்கே சேர்க்கலாம். ஆயினும் இதை அதிபர் முறைக்கே உரிய நிறை என்று விட்டுவிடாதீர்கள். 1991இல் மன்மோகன் சிங் முதலில் நிதியமைச்சராகி, பின்னர் மாநிலங்களவை உறுப்பினரானார். வேறுபாடு நுட்பமானது: இங்கு அமைச்சர் ஆறு மாதங்களுக்குள் அவை உறுப்பினராக வேண்டும், அமெரிக்காவிலோ அமைச்சராக இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே கூடாது.

சட்டமன்றத்தின் தன்னுரிமை என்ற தலைப்புக்கு, ஜனாதிபதி உட்ரோ வில்சன் பாடுபட்டு உருவாக்கிய வெர்சாய் உடன்படிக்கையை அமெரிக்க செனட் 1919இலும் 1920இலும் ஏற்க மறுத்ததைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தோன்றவில்லை. அதிபரின் விருப்பத்துக்கு அவை தலையாட்டவில்லை என்பதால் இதை நிறையாகக் கொள்ளலாம். நாட்டின் தலைவர் உலகுக்கு அளித்த வாக்கை அவரது நாடே காப்பாற்றவில்லை என்பதால் குறையாகவும் கொள்ளலாம். இப்படி இருபுறமும் பேசும் சான்று ஒன்று, ஒருபுறம் மட்டும் பேசும் மூன்று சான்றுகளுக்கு ஈடானது.

பிழைகள் இரண்டு. "நிக்சன் நாடாளுமன்ற விசாரணையால் பதவி நீக்கம் செய்யப்பட்டார்" என்பது தவறு. பிரதிநிதிகள் அவை அவர்மீதான குற்றச்சாட்டுகள் குறித்து வாக்களிப்பதற்கு முன்பே, 1974 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்டும், செனட் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் என்பதே நடைமுறை. ஆண்ட்ரூ ஜான்சன், கிளிண்டன், டிரம்ப் ஆகியோர் குற்றம் சாட்டப்பட்டும் செனட்டில் தண்டிக்கப்படவில்லை. இதுவரை எந்த அமெரிக்க ஜனாதிபதியும் இவ்வழியில் நீக்கப்பட்டதில்லை என்ற உண்மை, நிலையான பதவிக்காலம் பற்றிய உங்கள் கருத்துக்கு நீங்கள் எழுதியதைவிட வலுச் சேர்க்கிறது.

இரண்டாவதாக, பிரான்சையும் இலங்கையையும் அமெரிக்காவுடன் சேர்த்து ஒரே வரிசையில் வைத்துவிட்டீர்கள். பிரான்சில் ஜனாதிபதியுடன் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான பிரதமரும் உண்டு. 1986இல் ஜனாதிபதி மித்தரானும் பிரதமர் சிராக்கும் எதிரெதிர் அணியினராக இருந்தும் ஒரே ஆட்சியில் இயங்கினர். இலங்கையின் 1978 அரசியலமைப்பு நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியை உருவாக்கினாலும், அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே இருந்தே நியமிக்கப்படுகின்றனர். இவை கலப்பு முறைகள் என்று ஒரு வரி எழுதினால் போதும். இந்த வினாவுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

"இரண்டிலும் நன்மையும் தீமையும் உண்டு, நாட்டின் சூழலுக்கேற்ப முடிவு செய்ய வேண்டும்" என்ற முடிவுரையை நீக்கிவிடுங்கள். எந்த இரண்டு பொருள்களைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிடலாம். அதற்குப் பதிலாக, 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசியலமைப்பு நிர்ணய சபையில் முன்வைத்த அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயக நிர்வாகத்துக்கு நிலைத்தன்மை, பொறுப்புடைமை ஆகிய இரண்டும் தேவை. இரண்டையும் சம அளவில் தரும் முறை இல்லை. அமெரிக்க முறை முன்னதையும் பிரிட்டிஷ் முறை பின்னதையும் மிகுதியாகத் தருகின்றன. வரைவு அரசியலமைப்பு பின்னதையே விரும்பியது என்று அவர் விளக்கினார். அந்த இரண்டு சொற்களையும் விடையின் முதல் பத்தியிலேயே வைத்து, ஒவ்வொரு சான்றும் அவற்றில் எதை அளக்கிறது என்று காட்டினால், உங்கள் நிறை-குறைப் பட்டியல் ஒப்பீடாக மாறும்.

முழு விடையையும் மீண்டும் எழுத வேண்டாம். நாடாளுமன்ற முறையின் குறைகள், அதிபர் முறையின் நிறைகள், முடிவுரை ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் திருத்தி, வரும் திங்கட்கிழமை துறை அலுவலகத்தில் கொடுங்கள். அவற்றைப் பார்த்து மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்கிறேன்.