பேத்திக்குத் தாத்தா எழுதும் கடிதம்: நீருக்குள் போன வயல்கள்

அன்புள்ள கண்ணுக்கு,

தாத்தா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. அணைப் பாடத்தில் பாசனப் பரப்பும் மின்சாரக் கணக்கும் பக்கம் பக்கமாக இருக்கிறது, மூழ்கிய ஊர்களுக்கு ஒரு வரிதான் இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள் தாத்தா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதிவிடுகிறேன்.

நம் வயல் ஆற்றை ஒட்டி இருந்தது. வெள்ளம் வந்து வடிந்தால் வண்டல் படியும், அடுத்த போகத்துக்கு எரு அதிகம் வேண்டாம். வாய்க்கால் ஒன்றுதான். மேல் வயல்காரர் மடையைத் திறந்துவிட்டால்தான் கீழ் வயல் நனையும். அதனால் யாரோடு என்ன சண்டை என்றாலும் நடவுக்கு முன் பேசித்தான் ஆக வேண்டும். எங்களை ஓர் ஊராக வைத்திருந்தது அந்த வாய்க்கால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் அணை கட்டுவதற்காக அளவெடுக்க வந்தார்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று கல் நட்டார்கள். நம் வீட்டுத் திண்ணையைவிட அந்தக் கல் உயரத்தில் இருந்தது. நிலத்துக்குப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு வந்தது. குத்தகைக்கு உழுதவர்களும், கூலிக்கு நாற்று நட்டவர்களும், ஆற்றோரம் ஆடு மேய்த்தவர்களும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவர்களும் எங்களைப் போலவே பிழைப்பை இழந்தவர்கள். பணம் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேறு நிலம் தேடியதில், சுற்று வட்டாரத்தில் நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இழப்பீட்டைப் பணமாகக் கொடுக்கக் கூடாது, நிலத்துக்கு நிலம்தான் கொடுக்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

உன் பாட்டியின் கதை தனி. எந்த விதையை எடுத்து வைப்பது, எந்த வயலில் எதை விதைப்பது எல்லாம் அவள் முடிவு. இழப்பீடு என் பெயரில் வந்தது. அவளிடம் யாரும் ஒரு கையெழுத்துகூடக் கேட்கவில்லை. விதை வைக்கும் தானியக் குதிர் பிரிக்கப்பட்ட அன்று அவள் யாரோடும் பேசவில்லை.

தண்ணீர் ஒரே நாளில் வரவில்லை. வாய்க்கால் நிறைந்தது, தாழ்ந்த வயல்கள் போயின, பிறகு கிணறு. கதவு, நிலை, உத்தரம், ஓடு என்று கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்தோம். மரங்களை அப்படியே விட்டுவிட்டோம். முதல் இரண்டு மூன்று வருடங்கள் அவை நீருக்குள் அழுகியதில் அழுகல் நாற்றம் வீசும். ஆனால் அந்த அழுகலே மீனுக்குத் தீனி. அதனால் ஆரம்பத்தில் வலை நிறைய மீன் விழுந்தது. இதுதான் இனி நம் தொழில் என்று பலர் கடன் வாங்கிப் பரிசலும் வலையும் வாங்கினார்கள். அந்தச் சத்து தீர்ந்ததும் மீனும் குறைந்தது. மூழ்கிய அடிமரங்களில் சிக்கி வலைகள் கிழிந்தன. கடன் மட்டும் நின்றது.

நீ முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டியது இதை. இவ்வளவு தண்ணீர் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது, நம் மேட்டு நிலத்துக்கு ஒரு சொட்டு பாயாது. அணைக்குக் கீழே மதகில் தொடங்கும் கால்வாய் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். நாமோ தண்ணீருக்கு மேலே இருக்கிறோம். பம்பு வைத்து ஏற்றத்தான் முடியும், அதற்கு அனுமதியும் செலவும் வேண்டும். கீழே இரண்டு போகம் விளைகிறது. எனக்கு அதில் பொறாமை இல்லை, அவர்களும் விவசாயிகள்தான். அந்த விளைச்சலில் மேலே இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு எழுதி வைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

நல்லதும் நடந்தது, அதையும் எழுது. மேட்டு ஊருக்கு மின்சாரம் வந்தது, பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்தது, உன் அப்பா படித்தான். ஆனால் ஆற்றைக் கடந்து நடந்தே போய்வந்த அக்கரைச் சொந்தங்களைப் பார்க்க இப்போது நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போக வேண்டும். சாவுக்கு மட்டும் போகிறோம்.

இது நமக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதே. உலக அணைகள் ஆணையம் 2000-ல் வெளியிட்ட அறிக்கை, அணைகளால் உலகம் முழுவதும் 4 கோடியிலிருந்து 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்ந்திருக்கலாம் என்கிறது. எண் இவ்வளவு அகலமாக இருப்பதைக் கவனி. சரியாக யாரும் எண்ணவில்லை. நீ நாளைக்கு இந்தத் துறையில் வேலைக்குப் போனால், பத்திரம் இல்லாதவர்களின் பெயரை முதலில் எழுது.

கோடையில் தண்ணீர் இறங்கும்போது கரையோரம் வண்டல் வெளியே வரும். மழைக்குள் அறுத்துவிடலாம் என்று சிலர் அதில் குறுகிய காலப் பயிர் போடுகிறார்கள். மழை முந்தினால் எல்லாம் போய்விடும், ஆனாலும் போடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் வா. நம் வயலின் மேல் வரப்பு தெரியும் வருடமாக இருந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். சேறு முழங்கால் வரை இருக்கும், பழைய துணி கொண்டுவா. பாட்டியிடம் விதைகளைப் பற்றிக் கேட்க நோட்டும் எடுத்துவா, அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
தாத்தா