பறிக்காமல் தேடலாம்: தொடக்கநிலை மூன்றுக்கான தோட்ட வேட்டை

சனிக்கிழமை உதவிக்கு வரும் பெற்றோர்களுக்கு வணக்கம். காலை 8.30க்குப் பள்ளித் தோட்டத்தில் தொடங்கி, பிறகு பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குப் போகிறோம். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். எதையும் பறிக்க வேண்டாம். பூங்காவில் அது சட்டப்படியும் குற்றம். பார்க்கலாம், தொடலாம், முகரலாம், வரையலாம். விடையை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

முதல் குறிப்பு: "மண்ணுக்குள் இருப்பேன், ஆனால் வேர் அல்ல. என் உடம்பில் கணு உண்டு, மொட்டும் உண்டு." விடை இஞ்சி. தொட்டி மண்ணை விரலால் மெல்ல விலக்கிக் காட்டுங்கள். கணுக்களும் மொட்டுகளும் தெரியும். அடியில் மெல்லிய வேர்கள் தனியாகத் தொங்கும். மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர்தான் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். தண்டுகூட மண்ணுக்குள் வாழும் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை முதலில் வைத்தேன்.

அடுத்தது கறிவேப்பிலை. "கடித்த இலையைத் தேடு, கடித்தவரையும் தேடு." பறவை எச்சம் போலக் கிடப்பதை உற்றுப் பாருங்கள், வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். வாழிடம் என்றால் காடும் கடலும் மட்டுமல்ல, ஒரு செடியும்தான் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

செம்பருத்தியில் பூவின் நடுத்தண்டு நுனியில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்து. அதற்குக் கீழே மஞ்சள் தூள் விரலில் ஒட்டும், அதுதான் மகரந்தம்.

பூங்காவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் எல்லாரும் நின்று மேலே பார்க்கட்டும். "மண்ணில் கால் வைக்காமலே வளர்கிறேன். தங்கியிருக்கும் மரத்தைத் தின்பதும் இல்லை." கிளையில் பறவைக்கூடு போல விரிந்திருக்கும் பெரணிதான் விடை. உதிரும் இலைகளைத் தன் நடுவில் சேர்த்துவைத்து, அவை மக்கும்போது சத்தை எடுத்துக்கொள்கிறது. தாழ்வாக ஒன்று கிடைத்தால் இலையின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டுங்கள். பழுப்புக் கோடுகளில் இருப்பவை சிதல்கள். பூவோ விதையோ இல்லாத இந்தச் செடி அவற்றால்தான் பெருகுகிறது.

கடைசியாக ஆற்றங்கரை. முன்பு இங்கே காங்கிரீட் கால்வாய்தான் இருந்தது. அதைத்தான் காலாங் ஆறாக வளைந்து ஓடவிட்டிருக்கிறார்கள். கரையோரச் செடி ஒன்று, மேட்டுப் புல்வெளிச் செடி ஒன்று: இரண்டையும் வரைந்து, பக்கத்தில் மண் ஈரமா, நிழலா வெயிலா, யார் வந்துபோகிறார்கள் என்று எழுதட்டும். தட்டான், எறும்பு, கொக்கு, எதுவும் சரி. வானம் இருட்டினால் உடனே மேலே வந்துவிடுங்கள். மழையில் ஆற்று நீர் சட்டென்று ஏறும்.

பட்டியலில் இல்லாததைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுங்கள். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, கொசு மருந்து மறக்க வேண்டாம்.