தொழில்நுட்ப எழுத்தாளர்: சுயவிவரம்

மா. கவிதா, சென்னை
ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருள், பிஓஎஸ் கருவி ஆவணங்கள். அனுபவம் 8 ஆண்டு.

சுருக்கம்
கடை கவுன்டரில் இருப்பவர், கணக்காளர், டெவலப்பர் மூவருக்கும் தனித்தனியே எழுதுகிறேன். படித்தவர் யாரையும் கேட்காமல் வேலையை முடித்தால்தான் ஆவணம் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூத்த தொழில்நுட்ப எழுத்தாளர், பில்லிங் மென்பொருள் நிறுவனம், சென்னை (2021 முதல்)
பொறுப்பு: இ-இன்வாய்ஸ், இ-வே பில், சரக்கு இருப்பு. பயனர் கையேடு, ஏபிஐ குறிப்பேடு, ரிலீஸ் குறிப்பு, திரையில் வரும் பிழைச் செய்திகள்.

அதிகம் உழைத்தது பிழைச் செய்திகளில்தான். பில்லுக்கு ஐஆர்என் என்ற தனி அடையாள எண்ணைத் தரும் இ-இன்வாய்ஸ் போர்ட்டல் திருப்பி அனுப்பும் `2150: Duplicate IRN` என்பதை அப்படியே காட்டியபோது, பயனர்கள் அதே பில்லைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். மாற்றி எழுதியது: "இந்த பில்லுக்கு ஐஆர்என் ஏற்கெனவே வந்துவிட்டது. மறுபடி அனுப்ப வேண்டாம். பில் விவரத் திரையில் அதைப் பார்க்கலாம்." ரத்து செய்யும் பக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகளை முதல் படிக்கு முன்பே வைத்தேன்: 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும், ரத்தான பில் எண்ணுக்கு மறுபடி ஐஆர்என் எடுக்க முடியாது. கடைசியில் வைத்தால், பட்டனை அழுத்திய பிறகுதான் கண்ணில் படும்.

தொழில்நுட்ப எழுத்தாளர், பிஓஎஸ் கருவி நிறுவனம், கோயம்புத்தூர் (2017–2021)
58 மிமீ, 80 மிமீ தெர்மல் பிரின்டர்களுக்கான நிறுவல் வழிகாட்டி, ஒரு பக்க விரைவுத் தாள், சர்வீஸ் கையேடு. தாளைத் தலைகீழாகப் போட்டால் பில் வெள்ளையாக வரும். அதனால் எந்தப் பக்கம் வெப்பத்துக்குக் கறுக்கும் என்பதை நகத்தால் கீறிப் பார்க்கும் படியைச் சேர்த்தேன்.

தெளிவை அளந்த விதம்
ஒவ்வொரு முக்கியப் பணிக்கும் மென்பொருளைப் புதிதாகத் தொடும் ஐந்து பேரிடம் பக்கத்தை மட்டும் கொடுத்து, உதவியின்றி முதல் முயற்சியில் முடித்தவர்களை எண்ணுவேன். இ-இன்வாய்ஸ் ரத்துப் பக்கத்தில் 2 பேர் முடித்தது, திருத்தத்துக்குப் பின் 5 பேர் ஆனது. ஆதரவு அழைப்புகளை மொத்தமாக அல்லாமல், ஆயிரம் பயனருக்கு எத்தனை என்று கணக்கிடுகிறேன். பயனர் கூடினால் அழைப்பும் கூடும். 2150 பிழைக்கான அழைப்பு மாதம் ஆயிரத்துக்கு 14-லிருந்து 5 ஆனது. அதே வாரம் மென்பொருள் மாற்றம் எதுவும் வெளிவரவில்லை என்பதையும் சரிபார்த்தேன். முடிவு கிடைக்காத தேடல் சொற்களே அடுத்து எழுத வேண்டிய பட்டியல்.

பக்கத்தில் செலவான நேரத்தை வெற்றியாகக் காட்டுவதில்லை; குழம்பியவரும் அங்கேதான் நிற்பார். ஆங்கில அசைக் கணக்கில் உருவான ஃப்ளெஷ் மதிப்பெண்ணைத் தமிழுக்குப் பயன்படுத்துவதில்லை.

கருவிகள்
மேட்கேப் ஃப்ளேர், ஆக்ஸிஜன் எக்ஸ்எம்எல் (டிட்டா), மார்க்டவுன், ஸ்ஃபிங்ஸ், கிட், ஓப்பன்ஏபிஐ, போஸ்ட்மேன். ஏபிஐ எடுத்துக்காட்டுகள் ஒவ்வொன்றையும் போஸ்ட்மேனில் ஓட்டிப் பார்த்தே வெளியிடுவேன்.

கல்வி: பி.இ. மின்னணுவியல், 2017
மொழி: தமிழ், ஆங்கிலம் (இரண்டிலும் நேரடியாக எழுதுவேன்)
நோட்டீஸ் காலம்: 60 நாள்