முதல்வர் ஆண்டு மதிப்பாய்வு, கல்வியாண்டு 2024–25

நாள்: 28.06.2025
மறைவானது: முதல்வர், மதிப்பாய்வுக் குழு, தாளாளர் பார்வைக்கு மட்டும்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூன் 15 அன்று தாங்களும் நிர்வாகமும் சேர்ந்து கையொப்பமிட்ட ஐந்து இலக்குகளை முன்வைத்து இந்த மதிப்பாய்வைச் செய்திருக்கிறோம். குழுவில் இருப்பவர்கள் பள்ளிச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பெற்றோர் பிரதிநிதி ஒருவர். நவம்பர் 16 அன்று நடந்த இடைக்கால ஆய்வுக் குறிப்பும் ஜூன் 21 அன்று தங்களுடன் நடந்த உரையாடலும் இதில் சேர்ந்திருக்கின்றன.

எந்த இலக்கையும் ஒரே சான்றை வைத்து முடிவு செய்யவில்லை. பதிவேடு சொல்வதை ஆட்களிடமும், ஆட்கள் சொல்வதைப் பதிவேட்டிலும் சரிபார்த்தோம். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் ஏன் என்று தேடினோம். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்த இடங்களைப் பற்றியதுதான். ஆண்டுவிழா சிறப்பாக நடந்ததும், வளாகம் பளிச்சென்று இருப்பதும், சிலர் செயலாளரிடம் வாய்வழியாகச் சொன்ன குறைகளும் இலக்குப் பட்டியலில் இல்லாதவை. அவற்றுக்கு மதிப்பீட்டில் இடம் தரவில்லை.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. "முதல்வர் பெற்றோரைப் பார்ப்பதே இல்லை" என்று மூன்று பேர் சொன்னது அறங்காவலர் கூட்டம் வரை போய்விட்டதால், அதைச் சோதிக்காமல் விடுவது தங்களுக்கு அநீதி. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் 40 வீடுகளைத் தேர்ந்து தொலைபேசியில் அழைத்தோம். 34 வீடுகளில் பேச முடிந்தது. 27 பேர் கேட்டபோது தங்களைச் சந்தித்ததாகவோ பேசியதாகவோ சொன்னார்கள். 5 பேருக்குச் சந்திக்கும் தேவையே வரவில்லை. 2 பேர் முயன்றும் முடியவில்லை என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை என்று அறங்காவலர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டோம்.

இலக்கு 1: 3, 4, 5-ஆம் வகுப்புத் தமிழ் வாசிப்பு

126 குழந்தைகளில் தம் வகுப்புக்குரிய புதிய பத்தி ஒன்றைத் தடங்கலின்றி வாசித்து, அதிலிருந்து கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் 2024 ஜூலையில் 49 பேர். மார்ச் முடிவில் 95 பேர் என்பது இலக்கு. பள்ளியின் மார்ச் பதிவு 101 என்கிறது.

ஏப்ரல் 2, 3 தேதிகளில் வருகைப் பதிவேட்டின் ஒவ்வொரு நான்காம் பெயராக 31 குழந்தைகளை எடுத்து, அவர்கள் பார்த்திராத பத்தியைக் கொடுத்தோம். பள்ளிப் பதிவுப்படி இவர்களில் 25 பேர் வாசிக்க வேண்டும். வாசித்தவர்கள் 20 பேர். விடுபட்ட 5 பேரில் 4 பேர் ஒரே பிரிவு. காரணம் சீக்கிரமே தெரிந்தது. அந்தப் பிரிவில் மார்ச் சோதனைக்குப் பாடப்புத்தகப் பத்தியையே கொடுத்திருக்கிறார்கள். ஒரு சிறுமி புத்தகத்தை மூடிய பிறகும் அதே பத்தியை ஒப்பித்தாள். எங்கள் தாளில் 'வண்டிக்காரர்' என்ற சொல்லில் 'வண்' வரை வந்து நின்றுவிட்டாள்.

அறிமுகமில்லாதவர்கள் முன் குழந்தைகள் தயங்கியிருக்கலாம் என்று தாங்கள் ஏப்ரல் 4 அன்று சொன்னது நியாயமான எதிர்ப்பு. அன்றே அந்த 5 பேருக்கும் அவர்களுக்குப் பழகிய ஆசிரியரைக் கொண்டு மற்றொரு புதிய பத்தியை வாசிக்க வைத்தோம். 2 பேர் வாசித்துவிட்டார்கள். ஆக, 31-க்கு 20 முதல் 22 வரை. இதை 126 பேருக்கு விரித்தால் எண்ணிக்கை 80-க்கும் 90-க்கும் இடையில் வரும். சிறிய மாதிரி என்பதால் இதைத் துல்லியமான எண்ணாகக் கொள்ளவில்லை. ஆனாலும் 101 என்பதை ஏற்க முடியாது. 49-லிருந்து ஓராண்டில் வந்திருக்கும் தூரத்தை மறுக்கவும் முடியாது. தினமும் காலை முதல் 20 நிமிடம் வாசிப்புக்கு என்று தாங்கள் கொண்டுவந்த ஏற்பாடு எல்லாப் பிரிவுகளிலும் நடந்ததைக் குழந்தைகளின் நோட்டுகளில் பார்த்தோம்.

முடிவு: பெரும்பாலும் எட்டியது.

இலக்கு 2: பத்தாம் வகுப்புக் கணிதம்

சென்ற ஆண்டு 74 பேர் எழுதி 9 பேர் கணிதத்தில் தவறினார்கள்; 60-க்கு மேல் எடுத்தவர்கள் 28 பேர். இந்த ஆண்டு தவறுவோர் 3 பேருக்கு மிகாமல், 60-க்கு மேல் 38 பேர் என்பது இலக்கு. மே 16 முடிவுகளின்படி எழுதியவர்கள் 71, தவறியவர்கள் 4, 60-க்கு மேல் 41.

எண் நன்றாக இருக்கும்போதுதான் வகுத்தலின் கீழ் எண்ணையும் பார்க்க வேண்டும். பலவீனமான பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பு முடிவில் டி.சி. கொடுத்து அனுப்பித் தேர்ச்சி விழுக்காட்டை ஏற்றும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு; அதைத் தடுக்கவே "ஒருவரையும் வெளியே அனுப்பக் கூடாது" என்ற நிபந்தனையை இந்த இலக்கோடு சேர்த்தோம். ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்கள் 74, பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் 71. மூன்று வீடுகளையும் அழைத்தோம். ஒரு வீட்டில் தந்தைக்கு இடமாற்றம். ஒரு மாணவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருக்கிறான். அது அவன் விருப்பம். மூன்றாவது வீட்டில், "இங்கே பாஸாக மாட்டான், வேறு ஸ்கூல் பாருங்க" என்று வகுப்பாசிரியர் சொன்னதாகத் தாய் கூறினார். இது தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதை வகுப்பாசிரியரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் டி.சி. விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று இருந்ததைப் பார்த்தும், ஒரு கேள்விகூடக் கேட்காமல் தாங்கள் கையொப்பமிட்டிருக்கிறீர்கள். ஒரு மாணவன்தானே என்று நாங்கள் கடந்து போகவில்லை. நிபந்தனை அவனைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது.

நிர்வாகத்தின் பங்கையும் இங்கே எழுதியாக வேண்டும். பள்ளி திறந்த ஜூன் 10 முதல் செப்டம்பர் 2 வரை, 12 வாரம், கணித ஆசிரியர் பணியிடம் காலி. தங்கள் கோரிக்கைக் கடிதம் மே மாதமே வந்துவிட்டது, தாமதம் எங்களுடையது. அந்த 12 வாரமும் 10-ஆ பிரிவுக்கு வாரம் நான்கு பாடவேளை தாங்களே எடுத்ததைக் கால அட்டவணையும் மாணவர்களும் உறுதிசெய்கிறார்கள்.

முடிவு: மதிப்பெண் இலக்கு பெரும்பாலும் எட்டியது, நிபந்தனை மீறப்பட்டது.

இலக்கு 3: வகுப்பறைப் பார்வை

38 ஆசிரியர்கள், ஒருவருக்கு மூன்று முறை, மொத்தம் 114 பார்வைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வேலை நாளுக்குள் ஆசிரியரோடு அமர்ந்து பேசுதல். பதிவேட்டில் 97 பார்வைகள் உள்ளன. பேசிய தேதி குறிக்கப்பட்டவை 41. பெயரெழுதாத ஆசிரியர் தாளில் (38-க்கு 33 திரும்பின) "பார்வைக்குப் பின் என்னோடு பேசினார்" என்றவர்கள் 14 பேர் மட்டுமே. இரண்டு சான்றும் ஒரே பக்கம் சாய்கின்றன.

30 பதிவுகளை எடுத்து வாசித்தோம். 19-இல் "வகுப்பு அமைதி, கரும்பலகைப் பயன்பாடு நன்று" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதை வைத்து எந்த ஆசிரியரும் அடுத்த நாள் எதையும் மாற்ற முடியாது. ஆனால் அதே கையெழுத்தில் ஆகஸ்டு 21-ஆம் தேதிப் பதிவும் இருக்கிறது: "6-அ, அறிவியல், 3-ஆம் பாடவேளை. ஆசிரியர் கேட்டவை 23 கேள்விகள். அதில் 20 முதல் இரண்டு வரிசைக்கே. கேட்டபின் விடைக்குக் காத்திருப்பது ஒரு நொடி." அடுத்த நாள் பேசியிருக்கிறீர்கள். நவம்பரில் அதே வகுப்பில், "22 கேள்விகள், பின் வரிசைகளுக்கு 9" என்று இருக்கிறது. பார்வை என்பது இதுதான். இப்படி எழுதத் தெரிந்தவர் ஏன் மற்றதை எழுதினார் என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது.

விடை தங்கள் நாட்குறிப்பில் கிடைத்தது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வகுப்பறைகளில் செலவிட்டது 11 மணி நேரம். ஜனவரி நான்காம் வாரத்தில் 2 மணி நேரம். டிசம்பரில் கணக்காளர் விலகியபின் கட்டண நிலுவை வேலை முழுவதும் தங்கள் மேசைக்கு வந்துவிட்டது. நிர்வாகம் மாற்று ஆள் போடவில்லை. வெற்றுப் பதிவுகள் 19-இல் 16, டிசம்பருக்குப் பிந்தையவை. இருந்தாலும், எண்ணிக்கையைக் காப்பாற்ற வெற்றுப் பதிவு எழுதுவதைவிட, "60 தான் முடியும்" என்று ஜனவரியிலேயே எங்களுக்கு எழுதியிருக்கலாம்.

முடிவு: ஓரளவு எட்டியது.

இலக்கு 4: ஆசிரியர் விலகல்

சென்ற ஆண்டு 9 பேர், இலக்கு 5, விலகியவர்கள் 6. ஆறு பேரோடும் குழு உறுப்பினர் ஒருவர் தனியே பேசினார். நால்வருக்குச் சம்பளம், ஒருவருக்குத் திருமணம். ஒருவர், ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னும் தன் தவறு சுட்டப்பட்டதைக் காரணம் சொன்னார். ஒருவர் சொல் என்றால் விட்டிருப்போம். ஆசிரியர் தாளில் 33 பேரில் 12 பேர், கேட்காமலே, இதையே எழுதியிருக்கிறார்கள். தங்கள் தன்மதிப்பீட்டில் இது இல்லை. ஜூன் 21 அன்று கேட்டபோது, தங்களுக்கு இது வருத்தமான செய்தியாக இருந்ததைப் பார்த்தோம். சம்பளம் தங்கள் கையில் இல்லை. கூட்டத்தில் பேசும் விதம் தங்கள் கையில் இருக்கிறது.

முடிவு: பெரும்பாலும் எட்டியது.

இலக்கு 5: பாதுகாப்பு

நான்கு பேருந்துகளுக்கும் ஆண்டு ஆய்வு முடிந்தது. தீயணைப்பு, கட்டட உறுதிச் சான்றுகள் காலாவதிக்கு முன்பே புதுப்பிக்கப்பட்டன. அசல்களைப் பார்த்தோம். மாணவர் புகார்ப் பெட்டியில் வந்த 7 புகார்களில் 6-க்கு மூன்று வேலை நாளுக்குள் நடவடிக்கை. ஒன்றுக்கு 19 நாள். அது கழிவறைத் தாழ்ப்பாள் பற்றியது. எட்டாம் வகுப்புப் பெண்கள் 19 நாள் ஒருவரை வெளியே காவல் வைத்துப் போயிருக்கிறார்கள்.

முடிவு: எட்டியது.

ஐந்தையும் கூட்டி ஒரே மதிப்பெண் தரவில்லை. கூட்டினால் பேருந்துச் சான்றிதழ் வகுப்பறைப் பார்வையை மறைத்துவிடும்.

2025–26

வாசிப்புச் சோதனைக்கான பத்திகளைக் குழு மூடிய உறையில் அனுப்பும்; ஒரு பிரிவின் ஆசிரியர் மற்றப் பிரிவைச் சோதிப்பார். வகுப்பறைப் பார்வை 76 போதும், ஆளுக்கு இரண்டு. ஆனால் 76-க்கும் பேசிய தேதியும், ஆசிரியர் மாற்ற ஒப்புக்கொண்ட ஒரே ஒரு செயலும் பதிவாக வேண்டும். 8, 9-ஆம் வகுப்பு டி.சி. எதுவும் தாங்கள் பெற்றோரோடு நேரில் பேசாமல் வழங்கப்படக் கூடாது. தவறு சுட்டுவது தனியறையில். டிசம்பரில் ஆசிரியர் தாள் மறுபடி வரும்.

நிர்வாகம் ஜூலை 15-க்குள் கணக்காளரை நியமிக்கும். ஆசிரியர் காலியிடங்களைத் தாமதமின்றி நிரப்பும். இவ்விரண்டும் தவறினால், இலக்கு 2, 3-இல் ஏற்படும் குறை தங்கள் கணக்கில் சேராது.

தங்கள் மறுப்பாகப் பதிவு செய்யப்படுவது: இலக்கு 2-இல் "நிபந்தனை மீறப்பட்டது" என்பதை "கண்காணிப்பில் தவறியது" என்று மாற்றக் கேட்டீர்கள். குழு பரிசீலித்து, சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. தங்கள் விளக்கம் இரண்டு பக்கமும் இணைக்கப்பட்டுள்ளது. மேலும் மறுப்பு இருந்தால் ஜூலை 12-க்குள் தாளாளருக்கு எழுதலாம். அந்த மாணவனின் தாயை அழைத்து, பிள்ளை திரும்பி வர விரும்பினால் இடம் உண்டு என்று தாங்களே ஜூன் 23 அன்று சொன்னதையும் கோப்பில் சேர்த்திருக்கிறோம்.

மதிப்பாய்வுக் குழு