2021 பிரிஸ்பேன் டெஸ்ட், ஐந்தாம் நாள் நேரலை: இந்தியாவுக்கு இலக்கு 328

4/0, ஆட்டம் தொடக்கம்
வணக்கம். நேற்று சிராஜ் 5 விக்கெட் எடுத்துத் தந்த வாய்ப்பு இது. இன்று 324 ரன் வேண்டும். இந்தக் காபா மைதானத்தில் நான்காவது இன்னிங்ஸில் 236-க்கு மேல் துரத்தி யாரும் வென்றதில்லை. ஆஸ்திரேலியா இங்கே கடைசியாகத் தோற்றது 1988-இல்.

18/1
ரோகித் 7. கம்மின்ஸ் பந்து, பெயின் கையில் கேட்ச். புஜாரா வருகிறார்.

83/1, உணவு இடைவேளை
38 ஓவர், ஒரே விக்கெட். தேநீர் வரை இதைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். கில் ஆடுவதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உணவுக்குப் பின்
ஸ்டார்க் குத்திப் போடுகிறார், கில் விளாசுகிறார். ஒரே ஓவரில் 20 ரன்!

132/2
கில் 91. லயன் பந்து, ஸ்லிப்பில் ஸ்மித். சதம் போட்டிருக்க வேண்டிய பையன். மனம் ஆறவில்லை.

புஜாரா
தலைக்கவசத்தில் ஓர் அடி. விலாவில் ஓர் அடி. இப்போது ஹேசல்வுட் பந்து விரலில் பட்டு, மட்டையை விட்டுவிட்டுத் தரையில் சாய்ந்துவிட்டார். மருத்துவர் வந்து விரலைப் பிடித்துப் பார்க்கிறார். எழுந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் நிற்கிறார். இந்த ரன்களைச் ஸ்கோர் அட்டையில் மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது.

167/3
ரஹானே வேகமாக 24 எடுத்துவிட்டு வெளியேறினார். பந்த் உள்ளே. அகர்வாலுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள்! டிரா யோசனை இல்லை.

183/3, தேநீர்
இன்னும் 37 ஓவர், 145 ரன் பாக்கி. சாப்பிடாதவர்கள் இப்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

தேநீருக்குப் பின்
லயன் பந்தில் பந்த் இறங்கி வந்து தவறவிட்டார், பெயினும் ஸ்டம்பிங்கைத் தவறவிட்டார். மூச்சு நின்று வந்தது.

228/4
புதிய பந்து, கம்மின்ஸ், எல்பிடபிள்யூ. புஜாரா 56, 211 பந்து. சரியாக 100 ரன் பாக்கி.

265/5
அகர்வால் 9. சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் வருகிறார். அறிமுக டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே 62 அடித்தவர்.

வாஷிங்டன்!
கம்மின்ஸை ஹூக் செய்து சிக்ஸர்! அதே ஓவரில் ஒரு பவுண்டரியும்!

318/6
ரிவர்ஸ் ஸ்வீப், போல்டு. வாஷிங்டன் 22. இன்னும் 10.

325/7
தாக்கூர் அவுட். சைனி வருகிறார். 3 ரன்.

329/7: இந்தியா வெற்றி!
ஹேசல்வுட் பந்தை நேராக அடித்தார் பந்த், எல்லைக்கோட்டைத் தொட்டது! ஆட்டமிழக்காமல் 89. தொடை இடுக்கில் காயம் உள்ள சைனியும் எதிர்முனையிலிருந்து விந்தி விந்தி ஓடுகிறார். அடிலெய்டில் 36-க்குச் சுருண்ட அணி தொடரை 2-1 என வென்றிருக்கிறது. பரிசளிப்பு தொடங்கியதும் வருகிறேன்.